ரீஃபண்ட் தாமதமாக வந்தும் வட்டி வரவில்லையா? ரெக்டிஃபிகேஷன் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்கள். ரீஃபண்ட் மறு வருடம் பிப்ரவரியில்தான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஒருவழியாகப் பணம் வந்ததே என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கூடவே, ரிட்டர்னைச் சரிபார்த்து வரியையும் ரீஃபண்டையும் கணக்கிட்டுத் துறை மின்னஞ்சலில் அனுப்பிய 143(1) இன்டிமேஷனைத் திறந்தே பார்ப்பதில்லை. அந்த பிடிஎஃப்புக்கான கடவுச்சொல், சிறிய எழுத்தில் உங்கள் பான் எண்ணும், அதை ஒட்டி எட்டு இலக்கத்தில் பிறந்த தேதியும்தான். திறந்து கடைசிப் பகுதிக்குப் போனால் 244A பிரிவின்படி வட்டி என்று ஒரு வரிசை இருக்கும். அதில் பூஜ்யம் இருந்தால், அது சரியான பூஜ்யமா, விடுபட்டுப்போன பூஜ்யமா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல், பிழையைத் திருத்தக் கேட்கும் ரெக்டிஃபிகேஷன் விண்ணப்பம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

வட்டியே கிடைக்காத ரீஃபண்டும் உண்டு. டிடிஎஸ், முன்கூட்டிய வரி, சுய மதிப்பீட்டு வரி ஆகியவற்றிலிருந்து திரும்பி வரும் தொகை, இன்டிமேஷனில் தீர்மானிக்கப்பட்ட வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் சட்டப்படி வட்டி கிடையாது. தீர்மானித்த வரி ₹2,40,000, பிடித்த டிடிஎஸ் ₹2,62,000 என்றால் ரீஃபண்ட் ₹22,000. பத்து சதவீதம் என்பது ₹24,000. எத்தனை மாதம் தாமதமானாலும் இவருக்கு வட்டி வராது. ரெக்டிஃபிகேஷன் கொடுத்தாலும் அதே பூஜ்யம்தான் திரும்பி வரும். ஒப்பிட வேண்டியது இன்டிமேஷனின் இரண்டாவது நெடுவரிசையில் துறை கணக்கிட்டிருக்கும் வரியோடு. நீங்கள் ரிட்டர்னில் போட்ட தொகையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டால் வட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள். அண்ணா நகரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சம்பளதாரரை எடுத்துக்கொள்வோம். வாடகை ரசீதுகளை அலுவலகத்தில் நேரத்துக்குக் கொடுக்காததால், 2023-24 நிதியாண்டில் நிறுவனம் ₹1,86,400 டிடிஎஸ் பிடித்துவிட்டது. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படி விலக்கைக் கழித்து, 2024 ஜூலை 24 அன்று ரிட்டர்ன் போட்டு, அன்றே மின்சரிபார்ப்பும் முடித்துவிட்டார். இன்டிமேஷன் வந்த தேதி 2025 பிப்ரவரி 18. வரி ₹1,38,270 என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ரீஃபண்ட் ₹48,130, வட்டி பூஜ்யம்.

கெடுத் தேதிக்குள் தாக்கல் செய்தவருக்கு, டிடிஎஸ்ஸிலிருந்து வரும் ரீஃபண்டுக்கான வட்டி மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1-லிருந்தே ஓடத் தொடங்கும். வீதம் மாதத்துக்கு அரை சதவீதம், தனிவட்டி. ஒரு மாதத்தில் சில நாட்கள் மட்டும் வந்தாலும் அது முழு மாதம். தொகையில் நூறுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட வேண்டும் என்று 119A விதி சொல்கிறது. ஆக 48,130 என்பது 48,100 ஆகும். 2024 ஏப்ரலிலிருந்து 2025 பிப்ரவரி வரை 11 மாதம்.

```
48,100 × 0.5% × 11 = 2,645.50
```

இவருக்கு விடுபட்டது ஏறக்குறைய ₹2,645. இங்கே பலர் செய்யும் பிழை, ரிட்டர்ன் போட்ட ஜூலையிலிருந்து மாதங்களை எண்ணுவது. அப்படி எண்ணினால் 8 மாதம்தான் வரும், மூன்று மாத வட்டியை நீங்களே விட்டுக்கொடுப்பீர்கள். நாட்கணக்கில் கணக்கிட்டு ஆண்டுக்கு 6 சதவீதம் என்று போடுவதும் இதே போலத் தொகையைக் குறைத்துக் காட்டும். ஆனால் ரீஃபண்டில் ஒரு பகுதி நீங்கள் சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டியது என்றால், அந்தப் பகுதிக்கு ஏப்ரல் 1 பொருந்தாது. வரி கட்டிய தேதி, ரிட்டர்ன் போட்ட தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.

மின்சரிபார்ப்புத் தேதியை மறந்துவிடுவது

"நான் ஜூலையிலேயே போட்டுவிட்டேனே" என்பவர்களில் சிலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரிட்டர்னைப் பதிவேற்றிய 30 நாட்களுக்குள் மின்சரிபார்ப்பு முடிந்தால்தான் பதிவேற்றிய தேதி நிற்கும். அதைத் தாண்டினால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும். மேலே சொன்னவர் செப்டம்பர் 5 அன்று சரிபார்த்திருந்தால், அவருடைய ரிட்டர்ன் ஜூலை 31 கெடுவைத் தாண்டியதாகிவிடும். வட்டிக்கு ஏப்ரல் 1 போய் செப்டம்பர் 5 தொடக்கமாகும். 234F தாமதக் கட்டணமும் சேரும். அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. தொழில் வருமானம் இல்லாதவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க ரிட்டர்ன் கெடுவுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதால், வாடகைப்படி விலக்கே கைவிட்டுப் போகும், ரீஃபண்டும் குறையும். எனவே ரெக்டிஃபிகேஷனுக்கு முன், போர்ட்டலில் `View Filed Returns` பக்கத்தில் சரிபார்ப்புத் தேதியை ஒரு முறை பாருங்கள். வட்டி குறைந்திருப்பதற்குக் காரணம் அந்தத் தேதி என்றால் அது துறையின் பிழை அல்ல.

தவறான வகையைத் தேர்ந்தெடுப்பது

எல்லாம் சரி, பூஜ்யம் மட்டும் தவறு என்று உறுதியானால் `Services` → `Rectification` போய், `New Request` கொடுத்து, வருமான வரியையும் மதிப்பீட்டு ஆண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து வரும் வகைகளில் நமக்கு வேண்டியது `Reprocess the return`. பலர் `Return data correction` பக்கம் போய்விடுகிறார்கள். அது ரிட்டர்னில் நீங்கள் கொடுத்த விவரத்தில் பிழை இருந்தால் பயன்படுத்துவது. அதில் போனால் விவரங்கள் முழுவதையும் மறுபடி கொடுக்க வேண்டும். ஒரு எண் மாறினாலும் வரிக்கணக்கே மாறி, வட்டி கேட்கப் போனவர் டிமாண்டோடு திரும்ப நேரலாம். 244A வட்டி, ரிட்டர்னில் நீங்கள் நிரப்பும் கட்டமே அல்ல. துறை தானாகக் கணக்கிட்டுத் தர வேண்டியது. அதனால் திருத்திய ரிட்டர்ன் போடுவதும் இதற்கு வழி அல்ல.

`Reprocess the return` வகையில் ஒரு குறை இருக்கிறது. அது அதே ரிட்டர்னை அதே கணினி முறையில் மறுபடி ஓட்டச் சொல்வது மட்டுமே. வட்டி விடுபட்டிருக்கிறது என்று விளக்கி எழுத அதில் இடம் இல்லை. அதனால்தான் சிலருக்கு இரண்டாவது முறையும் பூஜ்யமே வருகிறது. ரெக்டிஃபிகேஷன் கொடுத்த கையோடு `Grievances` → `Submit Grievance` போய், `CPC-ITR` பிரிவில் ரீஃபண்ட் தொடர்பான புகாராகவும் பதிவு செய்துவிடுங்கள். அதில் கதை வேண்டாம். இன்டிமேஷனின் எண், தேதி, ரிட்டர்ன் மற்றும் சரிபார்ப்புத் தேதிகள், ரீஃபண்ட் தொகை, அது வரியில் 10 சதவீதத்துக்கு மேல் என்பது, 11 மாதக் கணக்கு, வர வேண்டிய வட்டி, ரெக்டிஃபிகேஷன் விண்ணப்ப எண் ஆகியவை போதும். படிக்கும் அலுவலர் இன்டிமேஷனைத் திறந்து ஒரு நிமிடத்தில் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். ரெக்டிஃபிகேஷனுக்கு வழிசெய்யும் 154-வது பிரிவு, பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிற பிழைக்குத்தான். வாதாடித்தான் நிலைநாட்ட முடியும் என்கிற விஷயத்துக்கு அது உதவாது. தாமதம் உங்களால்தான் ஏற்பட்டது என்று துறை சில மாதங்களைக் கழித்திருந்தால், அந்தச் சர்ச்சையைத் தீர்மானிக்கும் அதிகாரம் 244A(2)-ன்படி ஆணையர் மட்டத்தில் உள்ளவர்களுக்கு.

இன்டிமேஷன் அனுப்பியது ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு சிபிசி மையம் என்றால், நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலை அலுவலகத்துக்கு மனுவோடு போய்க் காத்திருப்பதில் பயன் இல்லை. அங்குள்ள அதிகாரி அந்த இன்டிமேஷனைத் திருத்தும் உரிமை தன்னிடம் இல்லை என்றே சொல்வார். அந்த உரிமை உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்கு மாற்றப்பட்டிருந்தால் மட்டும் போர்ட்டலிலேயே `Request to AO seeking rectification` வழியாகக் கேட்க வேண்டும். உங்கள் அதிகாரி யார் என்பதை `Know Your AO` காட்டும்.

ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இன்னொன்று கொடுக்க முடியாது என்பதால், வேறு ஏதேனும் திருத்தம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். உதாரணமாக, வங்கி வட்டியின் டிடிஎஸ்ஸில் கொஞ்சம் விடுபட்டிருந்தால் அதற்குரிய வகை வேறு. அதை முதலில் முடித்தால் ரீஃபண்ட் தொகையே மாறும், வட்டியும் அதன் மேல்தான் கணக்காகும்.

காலக்கெடுவைத் தவறாக எண்ணுவது

இன்டிமேஷன் பிறந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை திருத்தலாம். 2025 பிப்ரவரி 18 இன்டிமேஷனுக்கு அது 2029 மார்ச் 31. மதிப்பீட்டு ஆண்டைக் கொண்டு எண்ணாதீர்கள், உத்தரவின் தேதியே கணக்கு. விண்ணப்பம் கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். 2025 ஜூன் 10-ல் கொடுத்தால் டிசம்பர் 31 வரை. அதுவரை மாதம் ஒரு புகார் போடுவதைவிட, கெடு தாண்டியதும் அந்தத் தேதிகளைச் சுட்டிக்காட்டி ஒரு புகார் போடுவது வலுவானது. வட்டி தர மறுத்து உத்தரவு வந்தால், 30 நாட்களுக்குள் படிவம் 35-ல் மேல்முறையீடு உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்காக அதுவரை போவதா என்பது அவரவர் முடிவு. தொகை பெரிதாக இருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சட்டம் மாறிவிட்டதே என்ற குழப்பமும் வேண்டாம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்துதான். 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு 1961 சட்டமும், இங்கே சொன்ன பிரிவு எண்களும்தான்.

இன்டிமேஷனில் வட்டி சரியாக இருந்தும், பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து வருவது தனிக் கதை. வங்கிக் கணக்கை முன்சரிபார்க்காததால் ரீஃபண்ட் திரும்பிப் போயிருந்தால், அந்தத் தாமதம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். கணக்கைச் சரிபார்த்து `Refund Reissue` கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த மாதங்களுக்கு வட்டி எதிர்பார்க்க முடியாது. உங்கள் பக்கம் குறை ஏதும் இல்லை என்றால், இன்டிமேஷனில் பிழை இல்லாததால் `Reprocess the return` எதையும் மாற்றாது, புகார் வழிதான். விடுபட்ட வட்டிக்கும் சேர்த்து வட்டி கேட்டு எழுதுவதும் வீண். சட்டம் சொல்லும் வட்டிக்கு மேல் கேட்க முடியாது என்று 2013-ல் குஜராத் ஃப்ளூரோ கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

வட்டி வந்து சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ₹48,130 உங்கள் பணம், அதற்கு மறுபடி வரி இல்லை. ₹2,645 வட்டி வருமானம், அது கைக்கு வந்த நிதியாண்டின் ரிட்டர்னில் இதர வருமானத்தின் கீழ் காட்ட வேண்டும். இது துறையின் ஏஐஎஸ் அறிக்கையில் தனியாகப் பதிவாகும். விட்டுவிட்டால் அடுத்த இன்டிமேஷனில் அந்தத் தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டு அனுப்புவார்கள்.