ஓடுகிறவன் மேல் மட்டும் குண்டு ஏன் படுவதில்லை? சின்ன மல்டிபிளேயர் கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து, மேலிருந்து பார்க்கிற மாதிரியான ஒரு சின்ன சுடும் கேம் செய்தோம். நான்கு பேர் ஆடலாம், சர்வர் நொடிக்கு 30 டிக் ஓடும், அதாவது கேமின் நிலையை 30 தடவை கணக்கிடும். வீட்டில் ஒரே ரவுட்டரில் இரண்டு லேப்டாப் வைத்து ஆடியபோது ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் நண்பர் ஊருக்குப் போய் மொபைல் நெட்டில் உள்ளே வந்தார். செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமான பிங் 120 மில்லிசெகண்ட். ஐந்து நிமிடத்தில் இரண்டு புகார் வந்தது. "நடந்தா பின்னாடி இழுக்குது" என்பது ஒன்று. "நிக்கிறவன் மேல படுது, ஓடுறவன் மேல படவே மாட்டேங்குது" என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். திரையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இல்லை என்பதை எங்கள் நிரல் மறந்திருந்தது. உங்கள் ஆள் சர்வரை விடச் சற்று முன்னால் ஓடுகிறான். பொத்தானை அமுக்கியதும், சர்வர் பதிலுக்குக் காத்திருக்காமல், உங்கள் கணினியில் ஓடும் கிளையண்டே அவனை நகர்த்திவிடுகிறது. 1996-இல் குவேக்வேர்ல்ட் கேம் பிரபலமாக்கிய கிளையண்ட் பிரெடிக்‌ஷன் இதுதான். மற்ற ஆட்களோ சர்வரை விடப் பின்தங்கிய நேரத்தில் தெரிகிறார்கள்.

முதல் புகாரைப் பார்ப்போம். கிளையண்ட் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு வரிசை எண் போட்டு அனுப்புகிறது. சர்வர் தொடர்ந்து அனுப்பும் நிலைத் தகவலான ஸ்னாப்ஷாட்டில் "101-ஆம் இன்புட் வரை முடித்துவிட்டேன், நீ இங்கே இருக்கிறாய்" என்கிறது. அது வந்து சேரும்போது கிளையண்ட் 105-ஆம் இன்புட்டில் இருக்கும். 120 மில்லிசெகண்ட் என்பது 30 டிக் கேமில் கிட்டத்தட்ட நான்கு டிக் அல்லவா? நாங்கள் செய்த தவறு, சர்வர் சொன்ன இடத்தை அப்படியே எடுத்து ஆளை அங்கே வைத்தது. நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவன் நான்கு டிக்கில் 67 சென்டிமீட்டர் போயிருப்பான். ஸ்னாப்ஷாட் வரும்போதெல்லாம் அவ்வளவு தூரம் பின்னால் இழுக்கப்பட்டான். ஒரே ரவுட்டரில் பிங் இரண்டு மூன்று மில்லிசெகண்ட்தான் என்பதால் அங்கே இது கண்ணில் படவில்லை.

சர்வர் சொன்ன 101-ஆம் நிலையில் வைத்துவிட்டு, இன்னும் பதில் வராத 102 முதல் 105 வரையான இன்புட்டுகளை அதன் மேல் மறுபடி ஓட்ட வேண்டும். எல்லாம் ஒரே ஃபிரேமுக்குள், நடுவில் எதையும் வரையாமல்:

```
state = snap.state
pending = [i for i in pending if i.seq > snap.ack]
for i in pending:
    state = step(state, i)
```

மூன்றே வேலை என்றாலும் இதில் சறுக்க வழி நிறைய. `state` என்பது இடம் மட்டும் இல்லை. வேகம், சட்டென்று பாய்கிற டேஷ் மறுபடி கிடைக்க மீதமுள்ள நேரம், தரையில் நிற்கிறானா என்பது, இப்படி `step` படிக்கிற எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் ஆள் நேராக ஓடும்போது ஒழுங்காக இருந்து, டேஷ் அடித்தால் மட்டும் துள்ளினான். டேஷ் டைமரை ஸ்னாப்ஷாட்டில் அனுப்ப மறந்திருந்தோம். துள்ளல் ஒரு குறிப்பிட்ட செயலில் மட்டும் வருகிறதென்றால், அந்தச் செயலுக்கு உரிய மாறி விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, `step`-க்குள் சத்தமோ தீப்பொறியோ கிளப்பாதீர்கள். மறுபடி ஓட்டும்போது அதுவும் மறுபடி கிளம்பும். ஒரு குண்டுக்கு நான்கு "டுமீல்" கேட்ட பிறகுதான் எங்களுக்கு இது புரிந்தது. அதேபோல, நொடிக்கு 144 ஃபிரேம் வரைகிற கிளையண்டும் 30 டிக் ஓடும் சர்வரும் ஒவ்வொன்றும் தன் கால அளவில் `step` ஓட்டினால், முடுக்கமும் உராய்வும் இருக்கிற இடத்தில் விடைகள் ஒத்துப்போகாது. இரண்டு பக்கமும் ஒரு ஸ்டெப் 1/30 நொடி என்று நிலையாக வைத்துவிட்டு, வரைவதற்கு மட்டும் இடைநிலையைக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது புகார்தான் எங்கள் இரண்டு இரவைத் தின்றது. ஏனென்றால் லேக் காம்பன்சேஷன் எழுதியிருந்தோம்! சுட்ட செய்தி வந்ததும் சர்வர் எல்லோரையும் 120 மில்லிசெகண்ட் பின்னுக்குக் கொண்டுபோய், பட்டதா என்று பார்த்தது. ஆனால் நண்பர் திரையில் கண்டது 120 மில்லிசெகண்ட் பழைய படம் இல்லை. ஸ்னாப்ஷாட் அவரை வந்தடைய 60. மற்றவர்களின் அசைவு வெட்டி வெட்டித் தெரியாமல் இருக்க, இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவே இன்டர்போலேஷன் செய்வதற்காக நாங்களே வேண்டுமென்று வைத்த தாமதம் 100. சுட்ட செய்தி சர்வருக்குத் திரும்பிப் போக இன்னொரு 60. மொத்தம் 220. அந்த நேரத்தில் ஓடுகிறவன் 1.1 மீட்டர் போயிருப்பான். நாங்கள் பின்னுக்கு இழுத்ததோ 60 சென்டிமீட்டர். எங்கள் ஆளின் அகலம் 60 சென்டிமீட்டர். நடு உடம்பைக் குறிவைத்தால், எந்தப் பக்கமும் 30 வரைதான் பிசகலாம். மீதி 50 சென்டிமீட்டர் பிசகினால் எப்படிப் படும்? நிற்கிறவன் மேல் பட்டதும் இதனால்தான். அவன் எந்த நேரத்திலும் அதே இடத்தில்தான் இருக்கிறான்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, படம் வரைந்து பார்ப்பது. சுடும்போது தான் கண்ட எதிரியின் இடத்தில் கிளையண்ட் ஒரு நீலப் பெட்டி போடட்டும். பின்னுக்குப் போய்ப் பார்த்த இடத்தைச் சர்வர் திருப்பி அனுப்பினால், அங்கே ஒரு சிவப்புப் பெட்டி. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார வேண்டும். எங்களுக்குச் சிவப்பு எப்போதும் ஓடும் திசையில் முன்னால் நின்றது.

பிங்கை வைத்து ஊகிக்கும் வேலையையே பிறகு விட்டுவிட்டோம். சுடும் இன்புட்டோடு, அப்போது திரையில் காட்டிய நேரத்தையும் கிளையண்ட் அனுப்புகிறது, `1000.4` டிக் என்று பின்னத்தோடு. சர்வர் 1000, 1001 இரண்டுக்கும் நடுவே அதே விகிதத்தில் கணக்கிடுகிறது. ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எதிரி வெட்டவெளியில் நின்ற பழைய டிக்கைத் தேடி எடுத்து அனுப்புகிறவர் வருவார். சர்வர் தானே அளந்த பிங்கோடு இன்டர்போலேஷன் தாமதத்தையும் கூட்டி, அதற்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். பார்த்து முடித்ததும் எல்லோரையும் நிகழ்கால இடத்தில் திரும்ப வைக்கவும் மறக்காதீர்கள். நடுவில் ஒரு `return` இதைத் தாண்டிப் போய்விட்டால், ஆட்கள் பழைய இடத்துக்கே இழுபட்டுவிடுவார்கள்.

பின்னுக்குப் போக ஒரு வரம்பும் தேவை. வால்வின் சோர்ஸ் எஞ்சினில் இந்த வரம்பை வைக்கும் `sv_maxunlag` இயல்பாக ஒரு நொடி. நெருக்கமான சுவர்கள் உள்ள எங்கள் கேமுக்கு அது மிக அதிகம். சுடப்படுகிறவர் பக்கமிருந்து பாருங்கள். இருவருக்கும் பிங் 120 என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் திரையில் சர்வரை விட 60 முன்னால் இருக்கிறார், சுடுகிறவர் 220 பின்னால் பார்க்கிறார், செத்த செய்தி வர இன்னும் 60. ஆக 340 மில்லிசெகண்ட், அதாவது சுவருக்குப் பின்னால் 1.7 மீட்டர் போன பிறகு விழுகிறார். எந்த நிரல் எழுதினாலும் இது முழுதாகப் போகாது, அநியாயத்தை யார் சுமப்பது என்று முடிவு செய்வதுதான் நம் கையில் இருக்கிறது. நாங்கள் 250-இல் நிறுத்தினோம். பிங் 300 உள்ளவருக்கு 400 தேவைப்படும். மீதி 150-க்கு அவரே ஓடுகிறவனுக்கு முன்னால் குறிவைத்துச் சுடட்டும்.

இதையெல்லாம் பார்க்க நண்பரை ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை. லினக்ஸில் ஒரே கணினியில் போதும்:

```
sudo tc qdisc add dev lo root netem delay 60ms 10ms loss 1%
```

`lo` வழியே போகிற செய்திக்கும் வருகிற செய்திக்கும் தனித்தனியாக 60 சேரும் என்பதால் பிங் 120 ஆகும். 120 என்று போட்டுவிட்டு, பிங் ஏன் 240 காட்டுகிறது என்று நாங்கள் முழித்தோம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கணினிக்குள்ளேயே பேசிக்கொள்ளும் மற்ற நிரல்களும் நொண்டும்:

```
sudo tc qdisc del dev lo root
```