வலிப்பு வந்த பிறகு டி.வி.எல்.ஏ.வுக்கு அறிவிப்பது எப்படி? லைசன்ஸை நீங்களே திருப்பிக் கொடுங்கள்

2023 மார்ச் 9 காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது ஆம்புலன்ஸில் வந்த பிள்ளையின் முகம்தான். நாக்கு கடிபட்டு, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி நோவு. நவம்பரிலும் ஒரு நாள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படித்தான் விழுந்தேன் என்று மனைவி ஆஸ்பத்திரியில் சொன்னார். அதை நாங்கள் மயக்கம் என்று நினைத்து விட்டுவிட்டோம். நரம்பியல் வைத்தியர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இது வலிப்பு நோய் என்றார்.

லண்டனில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓர் இடத்தில் பிழை விட்டேன். அதனால் வலிப்பே இல்லாமல் பத்துக் கிழமைக்கு மேல் கார் ஓட முடியாமல் வீட்டில் இருந்தேன். அந்த இடத்தைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன். இதெல்லாம் சாதாரண காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரிய விதிகள். லொறி, பஸ் ஓடுகிறவர்களுக்கு விதி வேறு, மிகக் கடுமை: குளிசை எதுவும் இல்லாமல் 10 வருடம் வலிப்பு வராமல் இருக்க வேண்டும். டி.வி.எல்.ஏ. என்பது பிரித்தானியாவில் சாரதி லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகம். வட அயர்லாந்தில் அலுவலகமும் வேறு.

1. கார்த் திறப்பை அன்றைக்கே வேறொருவரிடம் கொடுங்கள்

வைத்தியரின் கடிதம் வரட்டும், ஸ்கான் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்த நிமிடத்திலிருந்து ஓடக் கூடாது. கை மட்டும் துடித்தது, ஒரு கணம் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன், வயிற்றுக்குள் ஏதோ எழும்புவது போல் இருந்தது என்று சொல்லும் சின்ன வகைகளும் வலிப்புத்தான். "விழவில்லையே" என்று அதைக் கணக்கில் எடுக்காமல் விடாதீர்கள்.

2. நீங்களே அறிவியுங்கள்

"ஆஸ்பத்திரிக்குத் தெரியும், அவர்கள் சொல்லிவிடுவார்கள்" என்று நினைக்கிறவர்கள் பலர். சட்டப்படி அறிவிக்கும் கடமை லைசன்ஸ் வைத்திருப்பவருடையது. அறிவிக்காவிட்டால் 1,000 பவுண்ட்ஸ் வரை அபராதம். விபத்து நடந்தால் வழக்கும் வரலாம். நீங்கள் அறிவிக்காமல் தொடர்ந்து ஓடுவது தெரிந்தால், உங்கள் அனுமதி இல்லாமலே வைத்தியர் அறிவிக்க முடியும். ஆனால் அது கடைசி வழி.

இந்தச் சட்டம் ஏன் இப்படிக் கறாராக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2014 டிசம்பர் 22 அன்று கிளாஸ்கோ நகர நடுவில் ஒரு குப்பை லொறியின் சாரதி ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பினார். லொறி நடைபாதையில் ஏறி ஆறு பேர் இறந்துபோனார்கள். அவருக்கு 2010இல் ஒரு பஸ்ஸிலும் நினைவு தப்பியிருக்கிறது. அதை அவர் மறைத்தார் என்பது 2015இல் நடந்த விசாரணையில் வெளிவந்தது. அவருக்கு வந்தது வலிப்பு நோய் அல்ல, மயக்கம். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கு அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் இல்லாமல் இருந்திருக்கலாம்.

அறிவிப்பதற்குக் காசு இல்லை. gov.uk தளத்தில் ஒன்லைனில் செய்யலாம். இல்லையென்றால் FEP1 படிவத்தை அச்சடித்து நிரப்பித் தபாலில் அனுப்பலாம். நான் படிவத்தைத்தான் விரும்புகிறேன். நிரப்பியதைப் போட்டோ எடுத்து வைத்தால், ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்கும்போது அன்று என்ன எழுதினோம் என்று பார்க்கலாம். திகதிகள் ஆஸ்பத்திரிக் கடிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். நரம்பியல் வைத்தியர், குடும்ப வைத்தியர் இருவருடைய முழு விலாசத்தையும் எழுதுங்கள். கேள்வி அவர்களிடம்தான் போகும். விலாசம் பிழைத்தால் கடிதம் எங்கேயோ கிடக்கும்.

3. லைசன்ஸைத் திருப்பிக் கொடுப்பது (என்னைத் தடுக்கி விழுத்திய இடம்)

நான் அறிவித்தேன். ஆனால் லைசன்ஸை என்னிடமே வைத்துக்கொண்டேன். எப்படியும் ஓடப்போவதில்லை, அவர்கள் கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். சில கிழமைகளில், உங்கள் உரிமம் மருத்துவக் காரணத்தால் ரத்து செய்யப்படுகிறது என்று கடிதம் வந்தது. அதில் அநியாயம் எதுவும் இல்லை. ஆனால் "ரத்து" என்ற அந்தச் சொல் ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

1988ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில் 88ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் விண்ணப்பம் டி.வி.எல்.ஏ.வில் பரிசீலனையில் இருக்கும்போதே, புது லைசன்ஸ் கைக்கு வருமுன்பே, சில நிபந்தனைகளோடு ஓடலாம் என்கிறது அது. மருத்துவ விதிக்குள் நீங்கள் வந்திருக்க வேண்டும், ஓடலாம் என்று உங்கள் வைத்தியர் சொல்லியிருக்க வேண்டும், முன்பு வைத்திருந்த வாகன வகையைத்தான் ஓட வேண்டும். இன்னொன்று, கடைசி லைசன்ஸ் மருத்துவக் காரணத்தால் ரத்தாகியிருக்கக் கூடாது.

நீங்களாகவே திருப்பிக் கொடுத்தால் அது ரத்து ஆகாது. என்னைப் போல வலிப்பு நோய் என்றால், இரண்டு வழியிலும் ஒரு வருடம் ஓட முடியாது. வித்தியாசம் அந்த வருடத்தின் கடைசியில்தான் தெரியும்.

என் கணக்கு இது. கடைசி வலிப்பு 2023 மார்ச் 9. பன்னிரண்டு மாதம் முடிந்தது 2024 மார்ச் 9. விண்ணப்பத்தை எட்டுக் கிழமைக்கு முன்பே, ஜனவரி 13 அன்று அனுப்பிவிட்டேன். வைத்தியர் சம்மதம். குளிசை ஒரு வேளை தவறவில்லை. ஆனால் மே 20 அன்று லைசன்ஸ் கையில் கிடைக்கும்வரை காரைத் தொட முடியவில்லை, ஏனென்றால் எனக்கு 88ஆம் பிரிவு இல்லை. மகளின் பள்ளிக்கூடம், இரவு வேலை எல்லாவற்றுக்கும் மனைவிதான் ஓடினார்.

என் மச்சானுக்கு 2025 மே 6 அன்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வலிப்பு வந்தது. மே 12 அன்றே, மருத்துவக் காரணத்துக்காக நானாகவே திருப்பிக் கொடுக்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டு லைசன்ஸோடு அனுப்ப வைத்தேன். அனுப்ப வேண்டிய இடம்: டி.வி.எல்.ஏ.வின் சாரதிகள் மருத்துவப் பிரிவு, ஸ்வொன்சி, SA99 1TU. கையெழுத்து வாங்கும் தபாலில் அனுப்புங்கள். கிடைத்தது என்று வரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஒரேயொரு வலிப்பு, ஸ்கானிலும் மூளை அலைப் பரிசோதனையிலும் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்பதால் அவருக்கு ஆறு மாதம். அது முடிந்தது நவம்பர் 6. செப்டம்பர் 11க்குப் பிறகு விண்ணப்பித்தார். நவம்பர் 6 காலை கார் எடுத்தார். லைசன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

நாள் எண்ணுவது கடைசி வலிப்பிலிருந்து. லைசன்ஸ் கொடுத்த நாளிலிருந்து அல்ல.

4. திரும்ப எடுப்பது

காலம் முடிய எட்டுக் கிழமைக்கு முன் D1 படிவம் (தபாலகத்தில் கிடைக்கும்), அதோடு புதிதாக நிரப்பிய FEP1. இதற்கும் காசு இல்லை. 88ஆம் பிரிவின் கீழ் ஓடுவதற்கு முன் காப்புறுதிக்காரருக்குச் சொல்லி, சரி என்ற பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். போனில் கதைத்துவிட்டு விடாதீர்கள். இந்தப் பிரிவு பிரித்தானியச் சட்டம். லைசன்ஸ் வருவதற்கு முன் கார் எடுத்துக்கொண்டு பாரிஸ் லாசப்பலுக்குச் சாமான் வாங்கப் போகாதீர்கள், அங்கே இது செல்லாமல் போகலாம்.

ஒரு வருடம் ஏன் என்று பலர் கோபப்படுகிறார்கள். இது தண்டனை இல்லை. அடுத்த ஒரு வருடத்தில் திரும்ப வலிப்பு வரும் வாய்ப்பு 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் கார் சாரதிக்கு வைத்திருக்கும் அளவு. லொறி, பஸ்ஸுக்கு அதே அளவு 2 வீதம். வலிப்பில்லாமல் மாதங்கள் போகப் போக அந்த வாய்ப்பு குறைந்துகொண்டு போகும்.

பிறகு சேர்த்தது: குளிசையை நிறுத்தினால்?

ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: மூன்று வருடம் வலிப்பு இல்லை, வைத்தியர் குளிசையைக் குறைக்கச் சொல்கிறார், ஓடலாமா? குறைக்கும் காலம் முழுக்கவும், நிறுத்தி ஆறு மாதம் வரையும் ஓட வேண்டாம் என்பதுதான் ஆலோசனை. அந்த இடைவெளியில் வலிப்பு வந்தால், பழைய குளிசைக்குத் திரும்பி ஆறு மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் ஓடலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. வைத்தியர் சொல்லி நிறுத்தியவர்களுக்குத்தான் அது. தானாக நிறுத்தியவருக்கு முழுப் பன்னிரண்டு மாதம்.

இன்னொரு சேர்க்கை: சீனி வருத்தம்

அப்பாவுக்கு இன்சுலின் தொடங்கினார்கள், அவரும் அறிவிக்க வேண்டுமா என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் தேவையில்லை. இன்சுலின் மூன்று மாதத்துக்கு மேல் போகிறதென்றால் அறிவிக்க வேண்டும். படிவம் DIAB1. லைசன்ஸை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். வழமையாக நடப்பது ஒன்று, இரண்டு அல்லது மூன்று வருட லைசன்ஸாக மாற்றித் தருவதுதான். க்ளிக்ளசைட் போன்ற, சீனியைத் திடீரென்று இறக்கக்கூடிய குளிசை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

இன்சுலின் எடுப்பவர் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். நீண்ட பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். இங்கத்தைய மீற்றர் காட்டும் mmol/L அளவில் 5க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். 4க்குக் கீழே என்றால் ஓடவே கூடாது.

இங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு குழப்பம் நடந்தது. மாமா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த மீற்றரில் 78 என்று காட்டியது. 78 என்றால் நல்லாயிருக்கு என்று திறப்பை எடுத்தார். அது இலங்கையில் பாவிக்கும் mg/dL அளவு. இங்கத்தைய அளவுக்கு மாற்ற 18ஆல் பிரிக்க வேண்டும். 78 என்பது 4.3. சாப்பிடாமல் ஓடக் கூடாது. அவருடைய மீற்றர் பெட்டியின் மூடியில் "90க்குக் கீழே சாப்பிடு, 72க்குக் கீழே திறப்பைத் தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கையில் ஒட்டும் சென்சர் வைத்திருப்பவர்களும் விரலில் குத்தும் மீற்றரைக் காரில் வைத்திருக்க வேண்டும். சென்சர் 4 அல்லது அதற்குக் கீழே காட்டினாலோ, நடுக்கம் வியர்வை இருந்தும் சென்சர் சரி என்றாலோ, விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஓடும்போது சீனி இறங்குவது போல் தெரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, திறப்பை எடுத்துவிட்டு, சாரதி இருக்கையை விட்டு நகர்ந்து இருந்து குளுக்கோஸ் சாப்பிடுங்கள். சீனி 5க்கு மேல் ஏறிய பிறகும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும்.