மணல் லாரியை நடுவில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம்

மணல் லோடு வந்ததும் பலர் பின்பக்கச் சக்கரத்தில் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். நடுவில் குன்று மாதிரி எழும்பியிருக்கும். திருப்தியாக இறங்கிவிடுவார்கள். நானும் முதல் இரண்டு லோடு அப்படித்தான் வாங்கினேன். மூன்றாவதை அளந்தேன், அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. நான் பணம் கொடுத்தது 4 யூனிட்டுக்கு, அதாவது 400 கன அடிக்கு. அளக்க ஒரு ஸ்டீல் டேப்பும், ஐந்தடி நீளமுள்ள 10 மி.மீ. கம்பியும் போதும். கொட்டுவதற்கு முன்பே அளக்க வேண்டும். தரையில் குவித்த பிறகு அளப்பது பெரும்பாடு. எஞ்சினை அணைக்கச் சொல்லி, டிரைவரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறுங்கள்.

முதலில் பாடியின் நீள அகலம். தகரத்தின் தடிமனும் வெளிச்சட்டங்களும் சேர்ந்துவிடும் என்பதால் வெளியே அளக்காதீர்கள்; உள்சுவரிலிருந்து எதிர் உள்சுவர் வரை அளங்கள். எனக்கு நீளம் 14 அடி 2 அங்குலம், அகலம் 7 அடி 4 அங்குலம் வந்தது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 7 அடி 4 அங்குலம் என்பது 7.4 அடி அல்ல. அங்குலத்தை 12-ஆல் வகுக்க வேண்டும்: 4 ÷ 12 = 0.33, ஆகவே 7.33 அடி. நீளம் 14.17 அடி. இரண்டையும் பெருக்கினால் சுமார் 103.9 சதுர அடி.

அடுத்தது மணலின் உயரம். பாடியின் உயரத்தை அளந்து பயனில்லை. மணல் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கம்பியைச் செங்குத்தாகக் குத்தி, அடித்தகரத்தில் 'டங்' என்று இடிக்கும் வரை இறக்குங்கள். மணல் மட்டத்தில் கம்பியை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து அளங்கள். பாடிக்குள் இன்னொரு தகரம் அடித்துத் தரையை உயர்த்தியிருந்தாலும் கம்பி அங்கேயே நின்றுவிடும். அதனால் உண்மையான ஆழம் மட்டுமே கணக்கில் வரும்.

எங்கே குத்துவது? நீளத்தை மூன்றாகவும் அகலத்தை மூன்றாகவும் மனதில் பிரித்தால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குத்து. எனக்கு வந்தவை, அங்குலத்தில்:

நடு வரிசை: 48, 47, 45
இடது வரிசை: 42, 41, 39
வலது வரிசை: 42, 40, 39

மொத்தம் 383. ஒன்பதால் வகுத்தால் சராசரி சுமார் 42.6 அங்குலம், அதாவது 3.55 அடி. 103.9 × 3.55 = சுமார் 369 கன அடி.

இன்னொரு கழிவும் உண்டு. சில டிப்பர்களில் பாடியைத் தூக்கும் ஜாக்கிக்காக முன்சுவரில் ஒரு பெட்டி உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். இதில் அது 2 அடி அகலம், 1 அடி ஆழம். மணல் உயரத்துக்கு சுமார் 7 கன அடியை அடைத்துக்கொண்டது. மிஞ்சியது 362. நான்கு யூனிட்டுக்கு 38 கன அடி குறைவு.

நடு வரிசையை மட்டும் அளந்திருந்தால்? சராசரி 46.7 அங்குலம்; பெட்டியைக் கழித்த பிறகும் 397 கன அடி வந்திருக்கும். "நாலு யூனிட் சரியா இருக்கே" என்று தலையாட்டியிருப்பேன். எட்டிப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள குன்றுதான் தெரியும்.

டிரைவரிடம் காட்டினேன். "வர்ற வழியில குலுங்கி அமுங்கிடுச்சு சார்" என்றார். அது முழுப்பொய் இல்லை. குலுக்கலில் மணல் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். ஆனால் எங்கே அளந்த அளவுக்குப் பணம் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசியிருக்க வேண்டும். நான் பேசவில்லை, தவறு என்னுடையது. இப்போதெல்லாம் "இறக்கும் இடத்தில் அளந்த கணக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈரமணல் இதற்கு நேர்மாறாக விளையாடும். லேசான ஈரத்தில் மணல் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால் கன அளவு உப்பிவிடும். நன்றாக நனைந்தால் மறுபடி சுருங்கும். நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் அந்த மணலைத் தளர்வாகப் போட்டு உயரத்தைக் குறியுங்கள். பிறகு மணல் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றிக் கிளறி, படியவிடுங்கள். 15 செ.மீ. இருந்தது 12-க்கு இறங்கினால், உப்பல் 3 ÷ 12, அதாவது 25 சதவீதம். அப்படிப்பட்ட லோடில் கம்பி 400 காட்டினாலும் உண்மையில் இருப்பது 320 கன அடி மணல்தான்.

கொட்டி முடித்ததும் காலி பாடியின் அடித்தகரத்தில் நீள அகலத்தை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். சுவர்கள் கீழே குறுகியிருந்தால் மேல் அளவு, கீழ் அளவு இரண்டின் சராசரியைப் போட்டுக் கணக்கைத் திருத்த வேண்டும். அந்தக் கணக்கு முடிந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.