அன்றாடக் குறிப்பில் காணாமல் போகும் பிக்கிங் பிழைகள்

கிடங்கில் மேற்பார்வையாளருக்கான அன்றாடக் குறிப்பை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் புதியவர்களிடமே போய்ச் சேருகிறது. தேதியை மாற்றாமல் அனுப்புவது, கூட்டலில் சறுக்குவது போன்றவை ஒரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆள் மாறினாலும் மாறாமல் வருகிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

செக்கிங்கில் பிடிபட்ட பிழையை எழுதாமல் விடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பிக்கிங்கில், அதாவது ஆர்டருக்கான பொருளை ரேக்கிலிருந்து எடுக்கும்போது, தவறாக எடுத்த பொருள் செக்கிங் மேசையிலேயே பிடிபட்டு, சரியான பொருள் வைக்கப்பட்டுவிட்டால், அது பிழையே இல்லை என்று எழுதுபவர் முடிவு செய்துவிடுகிறார். வாடிக்கையாளருக்குச் சரியான பொருள்தானே போயிற்று என்பது அவருடைய வாதம். ஆனால் அதைத் திருத்தப் பிடித்த நேரம் எங்கேயோ போய் விழுந்தாக வேண்டும். அது வண்டியின் தாமதத்தில் போய் விழுகிறது.

நான் பார்த்த ஒரு கிடங்கில் ஒரு நாள் 180 ஆர்டர்கள், மொத்தம் 900 லைன்கள். ஆர்டரில் ஒரு பொருளுக்கான ஒரு வரிதான் ஒரு லைன். செக்கிங்கில் 18 லைன்கள் தவறு என்று தெரிந்து, எல்லாம் மாற்றி வைக்கப்பட்டன. அன்றைய குறிப்பு இப்படி இருந்தது: "பிக்கிங் துல்லியம் 100%. மாலை 4 மணி வண்டி 50 நிமிடம் தாமதம், காரணம் லோடிங்." உண்மையில் பிக்கிங் துல்லியம் 900-க்கு 882, அதாவது 98%. வெளியே போன சரக்கில் பிழை தெரியவில்லை என்பது வேறு கணக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

நேரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மீதியும் விளங்கிவிடும். அந்த வண்டிக்கான பிக்கிங் 2.50-க்கு முடிந்தது. செக்கிங் 3.10-க்கு முடிந்திருக்க வேண்டும். தவறான பொருள்களை ரேக்கில் திருப்பி வைத்து, சரியானவற்றை எடுத்து வந்து, மறுபடி சரிபார்த்து முடித்தபோது மணி 4 ஆகிவிட்டது. லோடிங்குக்கு வழக்கமான 40 நிமிடம், பில்லுக்கும் கேட் பாஸுக்கும் வழக்கமான 10 நிமிடம், வண்டி 4.50-க்குக் கிளம்பியது. லோடிங் ஆள்கள் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. 50 நிமிடமும் செக்கிங் மேசையில் போனது.

குறிப்பை நம்பிய மேற்பார்வையாளர் லோடிங்குக்கு இரண்டு ஆள்களைக் கூடுதலாகப் போட்டார். அவர்கள் வந்து செக்கிங் முடியும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள், தாமதமும் தொடர்ந்தது. பிற்பாடு செக்கிங் மேசையின் திருத்தச் சீட்டுகளைப் புரட்டியபோதுதான், அந்த 18 லைன்களில் 13 ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஒரே பொருளின் 12 எண்ணிக்கைப் பெட்டியும் 24 எண்ணிக்கைப் பெட்டியும் அடுத்தடுத்த பின்களில், அதாவது ரேக்கில் பொருள் வைக்கும் எண்ணிட்ட அறைகளில், இருந்தன. அட்டையின் நிறமும் எழுத்தும் ஒன்றே, குறியீட்டின் கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஒன்றை வேறு ரேக்குக்கு மாற்றியதும் அந்த இடத்துப் பிழை நின்றது. பின் எண்ணோடு ஒரு வரி அன்றைக்கே குறிப்பில் இருந்திருந்தால், இரண்டு ஆள்களின் கூலி மிஞ்சியிருக்கும்.

ஆகவே குறிப்பில் இவ்வளவு போதும்: "900 லைன்களில் 18 செக்கிங்கில் திருத்தம் (98%), 13 ஒரே ஜோடிப் பின்களில். 4 மணி வண்டி 50 நிமிடம் தாமதம். திருத்தத்தால் செக்கிங் 4.00-க்கு முடிந்தது." எல்லா லைன்களையும் சரிபார்க்காமல் சிலவற்றை மட்டும் பார்க்கும் கிடங்காக இருந்தால், வகுக்க வேண்டியது சரிபார்த்த லைன்களின் எண்ணிக்கையால்தான், மொத்தத்தால் வகுத்தால் துல்லியம் பொய்யாக ஏறிவிடும்.

லைன் கணக்கையும் ஆர்டர் கணக்கையும் கலப்பது

அதே 18 லைன்கள் 15 ஆர்டர்களில் பரவியிருந்தால், ஆர்டர் துல்லியம் 180-க்கு 165, ஏறக்குறைய 91.7%. இரண்டும் சரியான எண்களே. ஒரு நாள் ஒன்றையும் மறுநாள் மற்றொன்றையும் எழுதினால்தான், எதுவும் மாறாத இடத்தில் பெரிய வீழ்ச்சி நடந்ததுபோல் தோன்றும்.

சரக்கு இல்லாததை பிக்கிங் பிழையாக எழுதுவது

பின் காலியாக இருந்தால் எடுப்பவர் என்ன செய்வார்? அது இருப்புக் கணக்கின் பிழை. தனி வரியில் எழுதுங்கள்.

சராசரித் தாமதம்

வேண்டாம். எந்த வண்டி, எத்தனை நிமிடம், எந்தக் கட்டத்தில் என்று எழுதுங்கள்.

பிக்கர்களின் பெயர்கள்

குறிப்பில் பெயர் வரத் தொடங்கினால் திருத்தச் சீட்டுகள் வருவது நின்றுவிடும். பின் எண் போதும்.