கஸ்டம்ஸ்ல பார்சல் நிக்குது, பணம் கட்டுங்கன்னு கூரியர்காரன் கேட்டா

அக்கா அனுப்பின பார்சலுக்கு போன வாரம் ₹4,300 கட்டுனாதான் டெலிவரின்னு மெசேஜ், சரி போகட்டும்னு கட்டிட்டேன், அப்புறம்தான் உறுத்துச்சு. என் பேர்ல கஸ்டம்ஸ்ல போட்ட பில் ஆஃப் என்ட்ரிங்கற இறக்குமதி பேப்பரோட காப்பியும் டூட்டி கட்டின ரசீதும் அனுப்புங்கன்னு, பார்சலோட ஏர்வே பில் நம்பரைப் போட்டு கூரியருக்கு மெயில் போட்டேன். வந்ததைப் பாத்தா கவர்மென்ட்டுக்குப் போன டூட்டி ₹2,650தான், மிச்சம் ₹1,650 அவங்களோட கிளியரன்ஸ் சார்ஜ், ஸ்டோரேஜ்! டூட்டியை கூரியர்காரன் திருப்பித் தரமாட்டான், அதை விட்டுடுங்க. ஆனா நோட்டீஸே அனுப்பாம போட்ட ஸ்டோரேஜுக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் கேட்டேன், குடுக்க முடியல, ₹900 ரீஃபண்ட் வந்துச்சு. பதிலே வரலன்னா 1915க்கு போன் போட்டு கன்ஸ்யூமர் கம்ப்ளைன்ட் பதிவு பண்ணுங்க. யாரோ ஒருத்தரோட யுபிஐ ஐடிக்கு கட்டச் சொன்னா அது பக்கா ஃபிராடு.