நீண்ட ஒப்பந்தத்துக்கு மெய்ப்புப் பார்க்க: கட்டணமும் கெடுவும் சொல்லும் கடிதத்தை எழுதுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, சிறு விவசாயிகளுடன் செய்துகொள்ளவிருக்கும் பசுந்தேயிலைக் கொள்முதல் ஒப்பந்தத்தை அனுப்பி, மெய்ப்புப் பார்க்க எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பதில் கடிதத்தை எப்படி அமைப்பது என்பதை இந்த எடுத்துக்காட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கோப்பை Microsoft Word-இல் திறந்து Review → Word Count வழியாகச் சொற்களை எண்ணுங்கள். இங்கே 16,000 சொற்கள் என்று கொள்வோம். ஸ்கேன் செய்து படமாக ஒட்டப்பட்ட இணைப்புகள் இந்த எண்ணிக்கையில் வராது என்பதால் அவற்றைத் தனியே பாருங்கள். பக்கக் கணக்கில் கட்டணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. எழுத்துருவையும் வரி இடைவெளியையும் மாற்றினால் அறுபது பக்கம் நாற்பதாகிவிடும். வேலை மட்டும் குறையாது.

எழுத்துருவையும் அப்போதே கவனியுங்கள். தட்டச்சு நிலையங்களிலிருந்து வரும் ஒப்பந்தங்கள் சில இன்னும் பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால்தான் ஒரு சொல்லை ஆவணம் முழுவதும் ஒழுங்காகத் தேட முடியும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறக்கூடும் என்பதால், அந்த வேலைக்குத் தனிக் கட்டணம் குறிப்பிடுவதே முறை.

அடுத்து, நடுப்பகுதியிலிருந்து ஆயிரம் சொற்களை எடுத்து, நேரம் பார்த்துத் திருத்துங்கள். முகப்புப் பக்கம் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்பதால் அது மாதிரிக்கு உதவாது. ஆயிரம் சொற்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால் முதல் வாசிப்புக்கு 16 மணி. ‘ஷரத்து 7-இல் கண்டபடி’ என்று வரும் இடங்களில் ஏழாம் ஷரத்து உண்மையிலேயே அதைத்தான் சொல்கிறதா, ‘விற்பனையாளர்’ என்று வரையறுத்தவரை வேறிடத்தில் ‘விவசாயி’ என்று அழைத்திருக்கிறார்களா என்று சரிபார்க்கும் இரண்டாம் வாசிப்புக்கு 5 மணி. ஐயப் பட்டியலுக்கும் இறுதிப் படிக்கும் 3 மணி. ஆக 24 மணி. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒப்பந்தம் படித்தால் கண் தவறவிடும் என்பது என் கருத்து. எனவே ஐந்து வேலை நாள்கள். சொல்லுக்கு 75 பைசா என்றால் ₹12,000, அதாவது மணிக்கு ₹500. இந்த மணிக்கணக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்த்த பிறகே சொல் விலையை எழுதுங்கள்.

கடிதத்தில் அதிக இடம் கொடுக்க வேண்டியது, எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்ற பகுதிக்குத்தான். ‘45 (முப்பத்தைந்து) நாள்களுக்குள் தொகை வழங்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தால், எது சரி என்று நாம் முடிவு செய்யக்கூடாது. பத்து நாள் வித்தியாசம் இலை கொடுப்பவரின் பணத்தைத் தொடும் விஷயம். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அனுப்பிய ‘கொள்முதல்_வரைவு_3’ என்ற கோப்பு 16,000 சொற்கள் கொண்டது. எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி, ஷரத்து எண்கள், வரையறைச் சொற்களின் சீர்மை ஆகியவற்றை Track Changes வழியாகத் திருத்தித் தருவேன். பொருளை மாற்றக்கூடிய இடங்களில் கை வைக்காமல், ஐயமாகக் குறித்து அனுப்புவேன். அவற்றைத் தங்கள் வழக்கறிஞர் தீர்மானிக்க வேண்டும். கட்டணம் ₹12,000, பாதித் தொகை முன்பணம். ஸ்கேன் செய்த இணைப்புகள் இதில் அடங்கா. முன்பணமும் இறுதி வரைவும் ஆகிய இரண்டும் வந்து சேர்ந்த மறு வேலை நாளிலிருந்து ஐந்து வேலை நாள்களில் ஒப்படைப்பேன். இந்த மதிப்பீடு பதினைந்து நாள்களுக்குச் செல்லும்.”

கோப்பின் பெயரை எழுதுவது அலங்காரத்துக்கு அன்று. விலையும் நாளும் அந்தக் கோப்புக்கு மட்டுமே உரியவை என்பதை அதுதான் நிலைநிறுத்துகிறது. நாள் எப்போது எண்ணத் தொடங்கும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் தாம் கேட்ட நாளிலிருந்தும், நாம் பணம் வந்த நாளிலிருந்தும் எண்ணுவதால்தான் பெரும்பாலான மனக்கசப்பு வருகிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் வரியைச் சேர்த்துக் கேட்கக்கூடாது. பதிவு உள்ளவர்கள் வரி தனி என்று எழுதிவிடுங்கள். அச்சுப்படியில் திருத்தம் கேட்டால், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதை அடைபடக்கூடும் என்பதால், கூரியர் நாள்கள் கெடுவில் சேராது என்றும் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

பின்சேர்க்கை: பாதி வேலையில் வழக்கறிஞர் புதிய வரைவு அனுப்பினால் என்ன செய்வது என்று குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். Compare வசதியால் இரண்டு வரைவுகளையும் ஒப்பிட்டு, மாறிய பத்திகளின் சொற்களை மட்டும் எண்ணி, அதே 75 பைசா வீதம் கூடுதல் தொகையையும் கூடுதல் நாளையும் எழுதி அனுப்புங்கள். ஒப்புதல் வரும்வரை புதிய வரைவைத் தொட வேண்டாம். ஒரு ஷரத்து புதிதாக நுழைந்தாலே பின்வரும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும் என்பதால், இரண்டாம் வாசிப்பின் 5 மணி நேரத்தை மீண்டும் முழுமையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.