ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு குரூப்ல போடுற வாழ்த்து

மொத வரியிலயே உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சின்ன சம்பவத்தப் போட்டுருங்க, "ஹேப்பி மேரீட் லைஃப்"னு ஆரம்பிக்காதீங்க. முகூர்த்தம் அன்னைக்கு குரூப்ல எல்லாரும் அதையேதான் அடிப்பாங்க, ஃபோன் நோட்டிஃபிகேஷன்ல தெரியுறதும் அந்த ஆரம்ப வரிதான், அதனால உங்களோடது தனியா தெரியணும்னா அங்கயே அவன் சிரிச்சிரணும். ரொம்ப நீளமா போட்டா வாட்ஸ்அப் மடிச்சு வச்சிரும், மூணு நாலு வரி போதும். எமோஜிய வரி முடியுற எடத்துல ஒண்ணொண்ணா வைங்க, வரிசையா பத்து போட்டா எழுதுனது கண்ணுல படாது.

இப்படி:

மச்சான், செமஸ்டர் ஃபீஸ் கட்ட எனக்காக பைக்க அடகு வச்சவன்டா நீ 🥹
தங்கச்சி, இவன் கோவமா இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்துரு, சரியாயிருவான் ☕
ரெண்டு பேரும் நல்லா இருங்க, தலை தீபாவளி முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு சாப்பிட வந்துரணும் ❤️

தங்கச்சின்னு அந்தப் பொண்ணயும் கூப்பிடுறது முக்கியம், அவன் மட்டுமில்ல அவளும் நம்ம செட்டுதான்னு அதுலயே வந்துரும். அனுப்புறத ரிசப்ஷன் முடிஞ்ச ராத்திரி, இல்லன்னா மறுநாள் வச்சுக்கங்க, தாலி கட்டுற நேரத்துல அவன் ஃபோன் யார் கையிலயோ இருக்கும்.

குரூப்ல மாமனார், சித்தப்பா எல்லாம் இருந்தா இது வேணாம், அடகு கதையெல்லாம் அங்க அவனுக்கு சங்கடம். அங்க மரியாதையா ரெண்டு வரி வாழ்த்து, இத தனியா அவனுக்கு அனுப்பிருங்க.